"நீச்சல் போங்க" என்று டாக்டர் சொன்ன பிறகு

முழங்கால் தேய்மானத்துக்கோ நாள்பட்ட இடுப்பு வலிக்கோ மருத்துவரிடம் போனால், மருந்துச் சீட்டை நீட்டும்போது வாய்மொழியாக ஒன்று வரும்: "முடிஞ்சா நீச்சல் போங்க." அதோடு சரி. எந்த நீச்சல், எவ்வளவு ஆழத்தில், எத்தனை நிமிடம், நீச்சலே தெரியாதவர் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்காது. கேட்டவர் வீட்டருகே உள்ள குளத்தில் மாதப் பயிற்சியில் சேருகிறார். பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறார். ஒரு வாரத்தில் முட்டி வீங்குகிறது. "நமக்கு நீச்சலும் ஒத்துவரல" என்று முடிவு கட்டிவிடுகிறார். பாவம், பழி தண்ணீர் மேல் விழுகிறது.

இந்தக் கட்டுரை முக்கியமாக, முழங்கால் தேய்மானம் உள்ள, நீச்சல் தெரியாத ஒருவரை மனதில் வைத்து எழுதப்படுகிறது. இடுப்பு வலிக்காரர்களுக்கு எங்கே வழி பிரிகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன். இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் இரண்டு மாதம் நீந்தவே வேண்டாம். தண்ணீரில் நடந்தால் போதும்.

எவ்வளவு ஆழம்

தண்ணீருக்குள் நிற்பவரின் எடையில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. எவ்வளவு பங்கு என்பது தண்ணீர் உடம்பில் எதுவரை வருகிறது என்பதைப் பொறுத்தது. இடுப்பு எலும்பின் முன்முனை வரை தண்ணீர் இருந்தால், காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நெஞ்செலும்பின் கீழ்முனை வரை வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கழுத்து வரை என்றால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பு வாகைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். கொழுப்பு மிதக்கும் என்பதால் பெண்களுக்குப் பொதுவாகப் பாரம் இன்னும் சற்றுக் குறையும். இதெல்லாம் அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. நடக்கத் தொடங்கினால் பாரம் கூடும், வேகமாக நடந்தால் இன்னும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 58 வயதுப் பெண், உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதளத்தில் கால் மணி நேரம் நடப்பார், மாடிப்படி இறங்கும்போதுதான் உயிர் போகும். இவருக்கு இடுப்பு எலும்பு தரையிலிருந்து சுமார் 87 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நெஞ்செலும்பின் கீழ்முனை சுமார் 112 சென்டிமீட்டரில், அதாவது 3 அடி 8 அங்குலத்தில் இருக்கும். குளத்தின் ஓரத்தில் "4 அடி" என்று எழுதியிருக்கும் இடத்தில் இவர் நின்றால் தண்ணீர் நெஞ்சைத் தாண்டித் தோளுக்குக் கீழே வரும், காலில் 25 கிலோவுக்கும் குறைவாகத்தான் இறங்கும். இவருக்கு அது அருமையான இடம். அதே 4 அடியில் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் நின்றால் தண்ணீர் மேல்வயிறு வரைதான் வரும், அவர் இன்னும் அரை அடி உள்ளே போக வேண்டும். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஆசைப்படுவார்கள். உயர வித்தியாசம் அதிகம் என்றால் ஒருவருக்குச் சரியான ஆழம் மற்றவருக்குச் சரிவராது.

அப்படியானால் கழுத்து ஆழத்துக்கே போய்விடலாமே என்று தோன்றும். போகக் கூடாது. அந்த ஆழத்தில் பாதம் தரையில் பிடிக்காது, உடம்பு ஆடும், நீச்சல் தெரியாதவருக்குப் பயம் வந்துவிடும். பயந்தவர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு நுனிக்காலில் துள்ளுவார், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்துக்கு நெஞ்சளவுதான். வலி குறையக் குறைய, வாரக்கணக்கில், ஆழம் குறைந்த பக்கம் நகர்ந்து வருவதுதான் முன்னேற்றம். தண்ணீரில் முன்னேறுவது என்றால் ஆழமான பக்கம் போவது என்று நினைப்போம். மூட்டு வலிக்காரருக்கு அது தலைகீழ்.

ஆழம் பாரத்தைக் குறைக்கிறது என்றால், வேகம் எதிர்ப்பைக் கூட்டுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். 10 மீட்டர் தூரத்தை 20 வினாடியில் நடந்தவர் அதையே 10 வினாடியில் நடக்க முயன்றால் தொடையும் இடுப்பும் நான்கு பங்கு தள்ள வேண்டியிருக்கும். இது ஒரு வசதி. டம்பெல் எதுவும் வேண்டாம், எதிர்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் உங்கள் வேகமே போதும். வலித்தால் மெதுவாக்கினாலே பளு உடனே இறங்கிவிடும். ஆனால் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுகிறவருக்குத் தான் எவ்வளவு வேலை செய்தோம் என்பது தண்ணீருக்குள் தெரியாது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது தெரியும்.

குளத்தைப் பார்த்து வருவது

பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்க வேண்டியது தண்ணீரின் நீல நிறத்தை அல்ல, இறங்கும் வழியை. சுவரோடு ஒட்டிய செங்குத்தான ஸ்டீல் ஏணி மட்டுமே இருந்தால் முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய தொல்லை. உள்ளே இறங்குவது எளிது. அரை மணி நேரம் கழித்து வெளியே ஏறும்போது, தண்ணீர் தாங்கியிருந்த எடை முழுவதும் ஒரே சமயத்தில் திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து முட்டியை ஆழமாக மடக்கி ஒற்றைக் காலில் உடம்பைத் தூக்க வேண்டியிருக்கும். குளத்தில் செய்த நல்லதையெல்லாம் அந்த நான்கு படி கெடுத்துவிடும். அகலமான படியும் கைப்பிடியும் உள்ள குளம் கிடைத்தால், கொஞ்சம் தூரமானாலும் அதையே எடுங்கள். ஏறும்போது வலி குறைந்த கால் முதலில் மேலே, இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் கீழே. ஏணிதான் என்றால், இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

ஆழக் குறியீட்டையும் பாருங்கள். 3 அடியில் தொடங்கி 5 அடி வரை சரிவாகப் போகும் குளம் சிறந்தது. போட்டிக்கென்று கட்டிய குளங்களில் ஆழமற்ற பக்கமே நெஞ்சைத் தாண்டிவிடலாம். தரை திடீரென்று சரிகிற இடம் எது என்று உயிர்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை அடுத்தது. மருத்துவமனை சார்ந்த நீர்சிகிச்சைக் குளங்களில் தண்ணீரை 33 முதல் 35 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். லேன் போட்டு நீந்தும் குளங்களில் 26 முதல் 28 டிகிரிதான். முதல் வகை நம் ஊர்களில் எளிதில் கிடைக்காது. நம் வெயிலுக்குப் பிற்பகல் குளம் நன்றாகவே சூடேறியிருக்கும். மார்கழி விடியற்காலைத் திறந்தவெளிக் குளம்தான் சிக்கல். குளிர்ந்த நீரில் தசை இறுகும், இறுகிய தசையோடு வேலை செய்தால் இடுப்புப் பிடிப்பு வரும். அந்த மாதங்களில் நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கிணறு, வாய்க்கால், கோயில் குளம் எல்லாம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு. பாசி பிடித்த படியில் ஒருமுறை சறுக்கினால் முட்டிக்கு வேறு வினை வேண்டாம்.

உடை விஷயத்தில் பெண்கள் பலர் தயங்கியே போகாமல் இருந்துவிடுகிறார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. பல குளங்களில் பெண்களுக்கென்று தனி நேரமும் உண்டு. பருத்தி நைட்டியும் சுடிதாரும் வேண்டாம். அவை தண்ணீரை உறிஞ்சிக் காலைச் சுற்றிக்கொள்ளும், வெளியே ஏறும்போது ஈரத் துணியின் எடையும் முட்டியில் சேரும். காலுக்கு ரப்பர் அடியுள்ள தண்ணீர் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது கட்டாயம். சொரசொரப்பான குளத்துத் தரை பாதத்தைத் தேய்ப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும். கரையேறியதும் விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தின் அடியைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

சிலர் குளத்துக்குப் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கும் முட்டி, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்ட முட்டி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி ஆகியவை தேய்மான வலி என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. இடுப்பு வலியோடு பாதம் தொங்கிப்போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதய பலவீனம் உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை. நெஞ்சளவு தண்ணீரில் நின்றாலே நீரின் அழுத்தம் காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. நல்ல இதயத்துக்கு அது பொருட்டில்லை, பலவீனமான இதயத்துக்குச் சுமை. ஆஸ்துமாக்காரர்களுக்கு நெஞ்சைச் சுற்றிய அழுத்தத்தால் மூச்சு இழுப்பது கொஞ்சம் கனமாகத் தெரியும். வலிப்பு நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் இறங்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், தையல் காயம் முழுக்க ஆறி, அறுவை செய்தவர் சரி என்ற பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகாமல், கரையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்திருப்பது நல்லது. சர்க்கரை இறங்கும்போது வியர்ப்பதும் படபடப்பதும் தண்ணீரில் சட்டென்று புரியாது.

முதல் இருபது நிமிடம்

மேலே சொன்ன 58 வயதுப் பெண்ணுக்கே திட்டம் போடுவோம். வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் தண்ணீருக்குள் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று தோன்றும் அளவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இறங்கியதும் இரண்டு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கலாம். கம்பியை இறுகப் பற்ற வேண்டாம், விரலால் தொட்டுக்கொண்டால் போதும். பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்கிறதா, தோள் காதுப் பக்கம் ஏறிக்கிடக்கிறதா என்று கவனியுங்கள். புதிதாக இறங்கும் எல்லோருக்கும் தோள் ஏறித்தான் இருக்கும். மூச்சை வாய் வழியாக நீளமாக விட்டால் இறங்கும்.

பிறகு ஆறு நிமிடம் முன்னோக்கி நடை, சுவரை ஒட்டியே. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதால் உடம்பை முன்னால் சாய்த்து, நுனிக்காலில் எம்பி எம்பிப் போவார்கள். அப்படி நடந்தால் தொடைக்கும் புட்டத்துக்கும் போக வேண்டிய வேலை கெண்டைக்காலுக்கும் கீழ்முதுகுக்கும் போய்விடும். சரியான நடை இப்படி இருக்கும்: தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகு பாதம் உருண்டு பெருவிரலில் தள்ள வேண்டும். காலடி வீட்டில் நடப்பதைவிடக் குட்டையாக இருக்கலாம். வலக்கால் முன்னே போகும்போது இடக்கை முன்னே. குதிகால் தரையில் படவில்லை என்றால் ஆழம் அதிகம், ஒரு அடி பின்னால் வாருங்கள்.

அடுத்து மூன்று நிமிடம் பக்கவாட்டு நடை. சுவரைப் பார்த்து நின்று, நண்டு போல வலது பக்கம் பத்து அடி, இடது பக்கம் பத்து அடி. பாதத்தின் நுனி சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும், போகும் திசைக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் இடுப்பின் வெளிப்புறத் தசைக்கு வேலை போகாது. முட்டி உள்பக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்து வைப்பதில் அந்தத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. தேய்மானம் உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும்.

பிறகு இரண்டு நிமிடம் பின்னோக்கி நடை. மெதுவாக, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு. இதில் முட்டி நன்றாக நீளும், தொடையின் முன்பக்கம் வேலை செய்யும். கீழ்முதுகு வளைந்து வயிறு முன்னால் தள்ளினால் காலடியைப் பாதியாகக் குறையுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் சுவரைப் பிடித்து நான்கு பயிற்சி. குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குவது பத்து முறை. ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டித் திரும்பக் கொண்டுவருவது, ஒவ்வொரு காலுக்கும் எட்டு முறை. குதிகாலைப் புட்டத்தின் பக்கம் மடக்குவது எட்டு முறை. கடைசியாக, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் கால்வாசி மட்டும் உட்கார்ந்து எழுவது எட்டு முறை. எழும்போது முட்டி பாதத்தின் இரண்டாம் விரல் இருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் இன்னும் ஆழமாக உட்காராமல் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த நான்கில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இந்தக் கடைசியைத்தான் சொல்வேன். நாற்காலியிலிருந்தும் கழிவறையிலிருந்தும் எழுவதற்கு வேண்டிய பலம் இதில்தான் வருகிறது.

வெளியே வரும்போது நேராக ஏறிவிடாமல், ஆழம் குறைந்த பக்கம் கடைசி இரண்டு நிமிடம் நடந்து, படியருகே கொஞ்சம் நின்று ஏறுங்கள். எடை திரும்பி வருவதைக் கால் பழகிக்கொள்ளும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏறியவுடன் தலை கிறுகிறுக்கலாம், கைப்பிடியை விடக் கூடாது.

எவ்வளவு சிரமப்படலாம் என்பதற்கு நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். நெஞ்சளவு தண்ணீரில் அதே உழைப்புக்கு நாடி நிமிடத்துக்குச் சுமார் பத்து துடிப்பு குறைவாகவே காட்டும். கைக்கடிகாரத்தில் தரையில் வைத்திருக்கும் இலக்கைத் துரத்தினால் மிகையாகிவிடும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் சரியான அளவு.

இரண்டு மணி நேரம் கழித்து

தண்ணீரில் இருக்கும்போது வலி தெரியாமல் போவது நல்லதுதான், ஆனால் அந்த நேரத்தில் வலி அளவுகோலாக இருப்பதில்லை. ஆகவே கணக்கைப் பிறகு பார்க்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கான உடற்பயிற்சியில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி ஒன்று உண்டு: பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, தொடங்கும் முன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால், அடுத்த முறை குறைத்துச் செய்ய வேண்டும். இதோடு மறுநாள் காலையையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுந்ததும் முட்டியின் இருபுறமும் உள்ள குழி தெரிகிறதா, மூடிவிட்டதா என்று பாருங்கள். மூடியிருந்தால் நீர் கோத்திருக்கிறது, நேற்றுச் செய்தது அதிகம்.

எதைக் குறைப்பது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேகம், பிறகு உட்கார்ந்து எழும் ஆழம், கடைசியாக நேரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தொல்லை கொடுத்தது என்று தெரியாது. தசை வலி வேறு. தொடையிலும் புட்டத்திலும் பரவலாக, தொட்டால் வலித்து, இரண்டு நாளில் போவது தசையின் வலி, அதற்குப் பயப்பட வேண்டாம். முட்டியின் உள்கோட்டில் ஒரு விரலால் சுட்டிக்காட்டக் கூடிய வலிதான் கவனிக்க வேண்டியது. குளத்துக்குப் போகும் முன் "முன்னெச்சரிக்கையாக" ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டு மணி நேர விதியே அதில் செத்துப்போகும்.

எல்லாம் சரியாக இருந்தால் மூன்றாவது வாரம் நடையை மட்டும் ஐந்து நிமிடம் கூட்டலாம். ஐந்தாவது வாரத்தில் மொத்தம் 30 நிமிடம். ஆறாவது வாரத்தில் நடையின் நடுவே 30 வினாடி வேகநடை, ஒரு நிமிடம் மெதுநடை என்று நான்கு சுற்று. இன்னும் சவால் வேண்டுமானால், வேகமாகப் போய்ச் சட்டென்று திரும்பி நடந்து பாருங்கள். உங்கள் பின்னால் நீங்களே இழுத்துக்கொண்டு வந்த நீரோட்டம் இப்போது எதிரே வந்து நிற்கும். அக்வா ஏரோபிக்ஸ் வகுப்பில் சேர்கிறவர்கள் குதிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் குதித்து இறங்குவது தண்ணீரில் இருக்கிறோம் என்ற நினைப்பில் செய்யும் தரைக் குதிதான்.

இடுப்பு வலியில் வழி பிரியும் இடம்

இடுப்பு வலியை ஒரே வலியாக எடுத்துக்கொள்ள முடியாது. குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால், இருமினால் கூடும் வலி ஒரு வகை. டிஸ்க் தொல்லை பெரும்பாலும் இப்படி இருக்கும். நின்றாலும் நடந்தாலும் கால்வரை இழுத்து, உட்கார்ந்தாலோ தள்ளுவண்டியில் குனிந்து சாய்ந்தாலோ குறைவது மற்றொரு வகை. வயதானவர்களுக்குத் தண்டுவடப் பாதை சுருங்குவதால் வருவது இது. முதல் வகைக்காரர்கள் தண்ணீரில் முட்டியை நெஞ்சுக்கு இழுத்துச் சுருண்டுகொள்ளும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். இரண்டாம் வகைக்காரர்கள் முதுகைப் பின்னால் வளைக்கும் எதையும் தவிர்க்க வேண்டும், பின்னோக்கி நடையும் மிகக் குறைவாக இருக்கட்டும். எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரே அமர்வில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இரு வகைக்கும் பொருந்தும் பயிற்சி ஒன்று இருக்கிறது. நெஞ்சளவு நீரில் கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, முட்டியை லேசாகத் தளர்த்தி நில்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, தண்ணீருக்குள் முன்னால் தள்ளி, பின் இழுங்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். ஆடாமல் நிற்பதுதான் பயிற்சி, கை வெறும் கருவி. அடிவயிறு தானாக இறுகுவதை உணர்வீர்கள். பதினைந்து முறை. பிறகு ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே என்று மாற்றிச் செய்தால் உடம்பு முறுக்கப் பார்க்கும், அதையும் தடுத்து நிறுத்த வேண்டும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள்.

நீந்தக் கற்றுக்கொள்ளும்போது

நடையில் நிலைத்தவர் மூன்றாவது மாதத்தில் நீச்சலுக்குப் போகலாம். கோச்சிடம் முதல் நாளே மூட்டு வலியையும் இடுப்பு வலியையும் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் எல்லோருக்கும் கொடுப்பதையே உங்களுக்கும் கொடுப்பார். முதலில் கற்க வேண்டியது மிதப்பதல்ல, மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பது. குப்புற மிதக்கிறவர் தலையைத் தூக்கி எழப் பார்ப்பார். தலை மேலே வந்ததும் கால் இன்னும் மேலேயே நிற்கும், முதுகு வில்லாக வளையும். இடுப்பைப் பிடித்துக்கொள்வது இந்த நொடியில்தான். முதலில் இரண்டு முட்டியையும் வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து, அதே நேரத்தில் நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். கால் தானாகக் கீழே இறங்கும். பாதம் தரையைத் தொட்ட பிறகே தலை எழ வேண்டும். மல்லாந்து மிதக்கிறவர் மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முட்டியை மடக்கி, கைகளால் தண்ணீரைப் பின்னிருந்து முன்னால் அள்ள வேண்டும். குனிந்தால் வலிப்பவர்களும் இதைச் செய்தாக வேண்டும், ஆனால் முட்டியை வயிறு வரை கொண்டுவந்தால் போதும், இறுக்கிச் சுருள வேண்டாம். இது நெஞ்சளவு ஆழத்தில், ஆள் பக்கத்தில் நிற்க, கண்ணை மூடிச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்.

தவளை நீச்சல் என்று நாம் சொல்லும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை முழங்கால் வலிக்காரர்கள் விட்டுவிட வேண்டும். காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, வட்டமாக உதைக்கும் அந்த உதையில் முட்டியின் உட்புற ஜவ்வு முறுக்கோடு இழுபடுகிறது. போட்டி நீச்சல்காரர்களுக்கே இதனால் வரும் முட்டி வலி மிகவும் பழக்கமானது. தலையை நீருக்கு வெளியே வைத்துக்கொண்டே அதை நீந்தினால், நம் ஊரில் பலரும் அப்படித்தான் நீந்துகிறார்கள், கழுத்தும் கீழ்முதுகும் சேர்ந்து வளையும். மல்லாக்க நீந்துவது, அதாவது பேக் ஸ்ட்ரோக், பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பான தொடக்கம். மூச்சுக்குத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. இடுப்பு உட்காருவதுபோல் தாழ்ந்துவிடாமல், தொப்புள் நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்புற நீந்தும் ஃப்ரீஸ்டைலும் சரிதான், மூச்சுக்குத் தலையைத் தூக்காமல், உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டக் கற்றுக்கொண்டால். கால் உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முட்டியிலிருந்து மிதிவண்டி மிதிப்பதுபோல் வரக் கூடாது. முட்டி அதிகம் வலித்தால் தொடைகளுக்கு இடையே வைக்கும் புல் பாய் என்ற மிதவையை வைத்துக் கையால் மட்டும் நீந்தலாம். ஆனால் அது இடுப்பை மேலே தூக்குவதால், பின்னால் வளைந்தால் வலிக்கும் இடுப்புக்காரர்கள் கவனமாகத் தொட வேண்டும். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே கையில் திணிக்கப்படும் கிக் போர்டு என்ற மிதவைப் பலகைதான் மிகவும் தொல்லை. கையை நீட்டித் தலையைத் தூக்கிக்கொண்டு உதைப்பதில் கீழ்முதுகு முழு நேரமும் வளைந்தே இருக்கிறது. முகத்தைத் தண்ணீரில் வைத்து உதைக்க வரும்வரை அதை ஒதுக்கி வையுங்கள். பாதத்தில் துடுப்புபோல் ஃபின் மாட்டினால் முட்டியில் நெம்புகோல் நீளும், அதுவும் வேண்டாம். ஒவ்வொரு நீளம் முடிந்ததும் சுவரை எகிறி உதைத்துக் கிளம்புவதற்குப் பதிலாக, நின்று, திரும்பி, மெதுவாகத் தொடங்குங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016ல் வெளியிட்ட மதிப்பாய்வு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கான நீர்ப்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வலியும் முடக்கமும் சிறிதளவு குறைகின்றன, ஆனால் அந்தப் பலன் குறுகிய காலத்துக்குத்தான் என்பது அதன் முடிவு. அந்தச் "சிறிதளவு" பலருக்குப் போதுமானது. மாடி ஏற முடியாதவர் கம்பியைப் பிடித்தாவது ஏறுகிறார் என்றால் அது சிறிதல்ல. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு வளராது, எக்ஸ்ரே மாறாது, பயிற்சியை நிறுத்தினால் பலனும் மெல்லக் கரையும்.

தண்ணீரால் முடியாத ஒன்று இன்னும் இருக்கிறது. எடை தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும், மாடிப்படிக்கு வேண்டிய பலமும் முழு எடையில் பழகினால்தான் வரும். ஆகவே எட்டாவது வாரத்திலிருந்து வீட்டிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை வைக்கும் உயரமான நாற்காலியில் ஒரு தலையணை போட்டு, குளத்தில் பழகிய அதே உட்கார்ந்து எழுவதை, குளத்துக்குப் போகாத நாட்களில் ஐந்து முறை. இரண்டு வாரம் முட்டி பொறுத்துக்கொண்டால் தலையணையை எடுத்துவிடலாம். அதற்கும் பொறுத்தால் கைப்பிடியைத் தொடாமல் எழலாம். இரண்டு மணி நேர விதி இங்கேயும் அப்படியே பொருந்தும்.